லிங்க் எங்கே அக்கா?

தையல், சமையல், போட்டித் தேர்வு, மாடித் தோட்டம் என்று எதைச் சொல்லித்தரும் இன்ஸ்டாகிராம் ரீலாக இருந்தாலும், கடைசி இரண்டு மூன்று வினாடிகளில் அந்த வாக்கியம் வந்துவிடும்: "லிங்க் பயோல இருக்கு, செக் பண்ணிக்கோங்க." கீழே கமெண்ட்டுகளைத் திறந்தால் "லிங்க் எங்க அக்கா?", "பயோல எதுவும் காணோமே", "எனக்கும் அனுப்புங்க ப்ளீஸ்" என்று வரிசையாகக் கிடக்கும். சொன்னவர் தெளிவாகச் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டவர்களும் சோம்பேறிகள் அல்ல. கமெண்ட் பெட்டியைத் திறந்து எழுதிக் கேட்கும் அளவுக்கு அக்கறை உள்ளவர்கள். பொருளும் தயார், வாங்குபவரும் தயார். அடுத்து விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த வாக்கியம் சொல்லவில்லை.

இப்படி ஒரு வாக்கியம் பிறந்ததற்கே இன்ஸ்டாகிராமின் ஒரு கட்டுப்பாடுதான் காரணம். 2010 அக்டோபரில் தொடங்கிய அந்தச் செயலியில், படத்துக்கோ ரீலுக்கோ கீழே எழுதும் கேப்ஷனில் இணைய முகவரியைப் போட்டால், சாதாரணக் கணக்குகளில் அது வெறும் எழுத்தாகவே நிற்கும், தொட்டால் திறக்காது. கமெண்ட்டில் போட்டாலும் அதே கதைதான். ஸ்டோரியில் முகவரி வைக்க ஒரு காலத்தில் 10,000 பேர் பின்தொடர வேண்டும், அல்லது சரிபார்க்கப்பட்ட கணக்காக இருக்க வேண்டும். 2021 அக்டோபரில் லிங்க் ஸ்டிக்கர் எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆக, ரீல் போடுகிறவருக்கு மிஞ்சுவது இரண்டே வழி. ஒன்று, தன் பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் பயோ. இன்னொன்று, தனி மெசேஜ். "லிங்க் பயோல இருக்கு" என்பதும் "லிங்க் வேணும்னா கமெண்ட் பண்ணுங்க" என்பதும் இந்த இரண்டு வழிகளுக்கான அறிவிப்புப் பலகைகள்.

முதல் பலகையை எடுத்துக்கொள்வோம். "பயோல இருக்கு" என்பதைக் கேட்ட ஒருவர் உண்மையில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் ரீலின் கீழே, இடது பக்கம் இருக்கும் பெயரையோ வட்டப் படத்தையோ தொட வேண்டும். பக்கம் திறக்கும். பெயர், தொழில், ஊர், இரண்டு மூன்று படக்குறிகள் எல்லாவற்றையும் தாண்டி, சங்கிலிக் குறியோடு ஒரு வரி இருக்கும். அதைத் தொட வேண்டும். 2023 ஏப்ரலில் இருந்து ஒரே பயோவில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம் என்பதால், பலர் ஐந்தையும் வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் முதல் முகவரி மட்டும்தான் வெளியே தெரியும். அதன் பக்கத்தில் இன்னும் இத்தனை இருக்கிறது என்ற சின்னக் குறிப்பு இருக்கும். தொட்டால் பட்டியல் விரியும். அதில் எது நமக்கானது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிலர் இதற்கும் மேலே போய், 2016-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய லிங்க்ட்ரீ போன்ற சேவையில் ஒரு பட்டன் பக்கம் வைத்திருப்பார்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு பட்டன்கள் இருக்கும்.

தினமும் இதில் புழங்குகிறவருக்கு இது ஒரே அசைவு. ரீல் பார்ப்பதற்கு மட்டும் போனைக் கையில் எடுப்பவருக்கு இது நான்கு முடிவுகள். புது ஊரில் வழி கேட்டவரிடம் "மேலத் தெருவில் வீடு" என்று சொல்லிவிட்டுப் போவது போலத்தான் இது. தெரு எங்கே பிரிகிறது, வீட்டுக்கு என்ன அடையாளம் என்று சொன்னால்தான் அது வழி.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்தால் விளங்கும். தையல் சொல்லித்தரும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். 38 இன்ச் மார்பளவு பிளவுஸ் வெட்டுவது எப்படி என்று ரீல் போடுகிறார். அளவுகளை எல்லாம் ஒரே தாளில் அடக்கிய கட்டிங் சார்ட் ஒன்றை பி.டி.எஃப். கோப்பாக இலவசமாகத் தருகிறார். பயோவில் ஐந்து லிங்க் இருக்கிறது: யூடியூப் சேனல், வாட்ஸ்அப் சேனல், கட்டண வகுப்பு, துணிக் கடை, கடைசியாகச் சார்ட். சார்ட்டின் தலைப்பு "இலவசப் பதிவிறக்கம்" என்று இருக்கிறது. ரீலின் முடிவில் அவர் சொல்வது: "சார்ட் வேணும்ங்கிறவங்க பயோல லிங்க் குடுத்திருக்கேன், யூஸ் பண்ணிக்கோங்க."

பார்வையாளர் நான்கு இடங்களில் தடுக்கி விழுகிறார். பயோ எங்கே என்று சொல்லவில்லை. வெளியே தெரியும் முதல் லிங்க் யூடியூப் என்பதால், பக்கத்துக்குப் போனவரும் 'சார்ட் இல்லையே' என்று திரும்பிவிடுகிறார். பட்டியலை விரித்தவர் "சார்ட்" என்ற சொல்லைத் தேடுகிறார். அங்கே இருப்பதோ "இலவசப் பதிவிறக்கம்". எல்லாம் தாண்டி அதைத் தொட்டவருக்கு, கூகுள் டிரைவ் கதவைச் சாத்துகிறது: அனுமதி கேளுங்கள் என்கிறது. டிரைவில் ஒரு கோப்பை ஏற்றினால் அது தானாகவே உரிமையாளருக்கு மட்டும் என்ற நிலையில்தான் இருக்கும். பகிரும் இடத்தில் `Anyone with the link` என்று மாற்றாமல் முகவரியை மட்டும் நகல் எடுத்து ஒட்டினால் இதுதான் நடக்கும். அவருடைய போனில் மட்டும் அழகாகத் திறக்கும், ஏனென்றால் உரிமையாளரே அவர்தான்.

சரி, இதை எப்படித் திருத்துவது? பேசும் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சென்று சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். முதலில் டிரைவ் அனுமதி. பிறகு, பயோ பட்டியலில் சார்ட்டை முதல் இடத்துக்கு ஏற்றி, அதன் தலைப்பை "38 பிளவுஸ் சார்ட்" என்று மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் வாக்கியம்:

"இந்த 38 பிளவுஸ் சார்ட் வேணும்னா, கீழ இடது பக்கம் என் பேரைத் தொடுங்க. அங்க சங்கிலிக் குறி போட்ட லிங்க் இருக்கும். அதுல முதல்ல இருக்கிறதே '38 பிளவுஸ் சார்ட்'தான்."

இதில் "பயோ" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல் தெரிந்தவருக்கு இந்த வாக்கியத்தால் இடைஞ்சல் இல்லை; தெரியாதவருக்கு அது தேவையும் இல்லை. அதைவிட முக்கியமானது, வாயால் சொன்ன பெயர், திரையில் எழுதிய பெயர், பட்டியலில் இருக்கும் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது. பேச்சில் "சார்ட்", திரையில் "அளவு அட்டவணை", பட்டியலில் "கட்டிங் கைடு" என்று இருந்தால் பார்வையாளர் ஒவ்வொரு படியிலும் நின்று, இது அதுதானா என்று யோசிப்பார். யோசிக்கும் அந்த நொடியில் அடுத்த ரீல் காத்துக்கொண்டிருக்கிறது.

சொல்லும் நேரமும் வாக்கியத்தின் பகுதிதான். ரீல் முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடத் தொடங்கும்; கடைசி வினாடியில் வேகமாகச் சொன்னது காதில் விழுவதற்குள் மறுபடியும் துணியை விரிக்கும் காட்சி வந்துவிடும். அந்தத் தையல்காரர் அளவுகளைச் சொல்லும் இடத்திலேயே, "இந்த அளவு எல்லாத்தையும் எழுதிக்க வேண்டாம், சார்ட்டா வச்சிருக்கேன்" என்று சொல்லி வழியையும் சொல்லிவிடலாம். பார்ப்பவர் பேனாவைத் தேடும் கணம் அது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகத் திரையிலும் எழுத வேண்டும்: "என் பெயர் → லிங்க் → 38 பிளவுஸ் சார்ட்". அதைத் திரையின் அடிப்பகுதியில் எழுதக் கூடாது. அங்கேதான் பெயரும் கேப்ஷனும் வந்து உட்காரும். வலது ஓரத்தை லைக், கமெண்ட் பட்டன்கள் பிடித்துக்கொள்ளும். எடிட் செய்யும்போது கண்ணுக்குத் தெரிந்த எழுத்து, போட்ட பிறகு பாதி மறைந்திருப்பதற்கு இதுதான் காரணம். கேப்ஷனிலும் வழியை எழுதுவதானால் முதல் வரியிலேயே எழுத வேண்டும். ரீலில் கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் வெளியே தெரியும். மீதியைப் படிக்க அதைத் தொட்டு விரிக்க வேண்டும். எட்டு வரி கவித்துவத்துக்குப் பிறகு ஒன்பதாவது வரியில் லிங்க் இருக்கும் இடத்தைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது.

பயோ வாக்கியத்துக்கு இன்னொரு பிறவிக் குறை உண்டு: அது பழசாகும். ரீல்கள் போட்ட அன்றே சாவதில்லை. மாதக்கணக்கில் யாராவது ஒருவர் திரைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆடி மாதம் போட்ட ரீலில் "பயோல முதல் லிங்க்" என்று சொல்லியிருப்பார். தீபாவளிக்கு அந்த முதல் இடத்தில் வேறொன்றை வைத்திருப்பார். அப்போது பழைய ரீல் ஆளைத் தவறான வாசலுக்கு அனுப்பும். அதனால் "முதல்ல இருக்கிறது" என்பது உடனே பயன்படும் ரீலுக்கு மட்டும்தான் சரி. நீண்ட நாள் ஓடக்கூடிய ரீலில் இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்வதே பாதுகாப்பு. பட்டியலில் எத்தனையாவதாக இருந்தாலும், பெயர் இருக்கும்வரை கண்டுபிடித்துவிடலாம். இலவசக் கோப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஒரே நிரந்தர லிங்க் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

யாருடைய பயோ என்ற கேள்வியும் உண்டு. இருவர் சேர்ந்து போடும் கொலாப் பதிவில் இரண்டு பெயர்கள் இருக்கும். அங்கே "லிங்க் பயோல" என்றால் பாதிப் பேர் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ரீலைப் பதிவிறக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் பயோ என்பதே கிடையாது. எனவே கணக்கின் பெயரையும் திரையில் எழுதிவிடுவது நல்லது. அதே வீடியோவை ஃபேஸ்புக்கிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் அப்படியே ஏற்றுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஃபேஸ்புக் பதிவில் லிங்க்கை எழுத்திலேயே போடலாம், தொட்டால் திறக்கும். அங்கே போய் "பயோல பாருங்க" என்பது வீண் அலைச்சல். ஷார்ட்ஸில் நிலைமை தலைகீழ். மோசடி லிங்க்குகளின் தொல்லையால் 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரக் குறிப்பிலும் கமெண்ட்டிலும் போடும் முகவரிகளைத் தொட்டால் திறக்காதபடி யூடியூப் மாற்றிவிட்டது. இன்றும் "லிங்க் முதல் கமெண்ட்ல இருக்கு" என்று ஷார்ட்ஸில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவர் விரல் வலிக்கத் தொட்டுக்கொண்டிருப்பார். அங்கே வழி, ஷார்ட்ஸோடு சொந்த நீள வீடியோ ஒன்றை இணைத்து, "கீழே தெரியிற வீடியோ பேரைத் தொடுங்க, அதோட விவரத்துல லிங்க் இருக்கு" என்று சொல்வது.

இனி இரண்டாவது பலகை. "சார்ட் வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, அனுப்புறேன்."

இது தொடங்கிய காலத்தில் போட்டவரே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் மெசேஜ் அனுப்பினார். 2021-ல் இன்ஸ்டாகிராம் மெசேஜ் வசதி வெளி மென்பொருள்களுக்குப் பரவலாகத் திறக்கப்பட்டதும், மெனிசாட் போன்ற சேவைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. குறிப்பிட்ட ரீலில் குறிப்பிட்ட சொல் கமெண்ட்டாக விழுந்தால், எழுதியவருக்குத் தானாக ஒரு தனி மெசேஜ் போகும். பக்கத்துக்குப் போவது, பட்டியலைத் தேடுவது எதுவும் இல்லை. இருந்த இடத்திலேயே ஒரு சொல்லை எழுதினால் போதும். ரீலுக்குக் கமெண்ட் எண்ணிக்கையும் கூடுகிறது. போடுகிறவர்களுக்கு இந்த வழி பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இதன் பின்னால் சில விதிகள் இருக்கின்றன. வாக்கியம் அவற்றுக்கு ஏற்ப அமையாவிட்டால் பார்வையாளர் ஏமாந்ததாக நினைப்பார். ஒரு கமெண்ட்டுக்கு இப்படி ஒரே ஒரு தனி மெசேஜ்தான் அனுப்பலாம். அதுவும் கமெண்ட் விழுந்த ஏழு நாளுக்குள். அவர் பதில் எழுதினாலோ பட்டனைத் தொட்டாலோதான் அதற்குமேல் பேச 24 மணி நேர அவகாசம் திறக்கும். எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது அந்த மெசேஜ் போய் விழும் இடம். கமெண்ட் போட்டவர் உங்களைப் பின்தொடர்கிறவராக இருந்தால் அவருடைய வழக்கமான இன்பாக்ஸில் விழும். இல்லையென்றால் `Requests` என்ற தனி அறைக்குள் போய்விடும். முதன்முறையாக ரீலைப் பார்த்து, நம்பி, சொல்லை எழுதுகிறவர் பெரும்பாலும் பின்தொடராதவர்தான். அந்த அறை இருப்பதே பலருக்குத் தெரியாது. லிங்க் வந்துவிட்டது, அவரோ "அனுப்பவே இல்லை" என்று இரண்டாவது கமெண்ட் போடுகிறார்.

"கமெண்ட்ல சொல்லுங்க" என்பதில் அடுத்த ஓட்டை, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லாதது. மென்பொருள் எதிர்பார்ப்பது "சார்ட்" என்ற சொல்லை. வருவதோ "வேணும் அக்கா", "எனக்கும்", "எஸ்", கை கூப்பும் படம், வெறும் புள்ளி. இவற்றில் ஒன்றுக்கும் மெசேஜ் போகாது. சொல்லைச் சொன்னாலும் தமிழில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஒருவர் தமிழில் "சார்ட்" என்பார், ஒருவர் "சார்ட்டு" என்பார், பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் `chart` என்றோ `chat` என்றோ அடிப்பார்கள். போனின் விசைப்பலகை தன் பங்குக்குத் திருத்தும். ஒரே மாதிரி தெரியும் தமிழ் எழுத்து உள்ளே வேறாகவும் இருக்கலாம். "கொ" என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். "ஔ" என்ற எழுத்தை "ஒ"வும் "ள"வும் சேர்த்து எழுதுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்குத் தெரியலாம்.

ஆகவே எண்ணைக் கேட்பது என் பார்வையில் மிக எளிது. "கமெண்ட்ல 38-னு மட்டும் போடுங்க." எந்த விசைப்பலகையிலும் ஒரே மாதிரி வரும், எழுத்துப்பிழை வராது, தமிழா ஆங்கிலமா என்ற யோசனையும் இல்லை. அடுத்த ரீல் 40 அளவுக்கு என்றால் சொல்லும் 40 ஆகிவிடும். இதில் ஒரு கவனம் வேண்டும். சேவைகளில் பொருத்தம் பார்க்க இரண்டு விதம் உண்டு: கமெண்ட் முழுவதும் அந்தச் சொல்லாக மட்டும் இருக்க வேண்டும் என்பது ஒன்று, கமெண்ட்டுக்குள் எங்கேயாவது அது இருந்தால் போதும் என்பது மற்றொன்று. முதலாவதை வைத்தால் "38 அக்கா" என்று மரியாதையாகக் கேட்டவருக்குக் கிடைக்காது. இரண்டாவதை வைத்தால் "எனக்கு 38 சைஸ்ல தோள் இறங்குது, என்ன பண்ணலாம்?" என்று சந்தேகம் கேட்டவருக்கும் சார்ட் போய் விழும். இரண்டில் இரண்டாவதுதான் பரவாயில்லை. கேட்காமல் வந்த சார்ட் யாரையும் புண்படுத்தாது. கேட்டும் வராத சார்ட் புண்படுத்தும். `chart`, `சார்ட்`, `சார்ட்டு` ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும், சொன்னதைக் கேட்காமல் எழுதுகிறவர்களுக்காக.

இப்போது வாக்கியம் இப்படி ஆகும்:

"சார்ட் வேணும்னா கமெண்ட்ல 38-னு போடுங்க. உங்க இன்ஸ்டாகிராம் மெசேஜுக்கு லிங்க் வரும். வரலைன்னா, மெசேஜ் பக்கத்துல Requests-னு இருக்கும், அதுக்குள்ள பாருங்க."

கடைசி வரியைச் சொல்ல ரீலில் நேரமில்லை என்றால், கமெண்ட்டுக்குத் தானாகப் போகும் பொதுப் பதிலில் வைக்கலாம். பலர் அங்கே "அனுப்பிட்டேன் டியர்" என்று இதயம் போட்டு முடித்துவிடுகிறார்கள். "அனுப்பியாச்சுங்க. மெசேஜில் இல்லையென்றால் Requests-ல் பாருங்கள்" என்று எழுதினால், குழம்பி நிற்பவர் குழம்பும் இடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

மெசேஜ் திறந்த பிறகும் வேலை முடிவதில்லை. முதல் மெசேஜிலேயே லிங்க்கை வைக்காமல், "ஹாய்! சார்ட் வேணுமா?" என்று கேட்டு ஒரு பட்டனை வைப்பது பல கணக்குகளின் வழக்கம். பட்டனைத் தொட்டால்தான் அந்த 24 மணி நேர அவகாசம் திறக்கும் என்பது காரணம். அதற்குப் பிறகு "முதலில் ஃபாலோ செய்யுங்கள்", அப்புறம் "உங்கள் இமெயில்", கடைசியில் லிங்க். ஒரு சொல்லுக்கு ஒரு சார்ட் என்று ரீலில் கேட்டவருக்கு இது நான்காவது வாசல். இந்தப் படிகள் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் ரீலிலேயே சொல்லிவிட வேண்டும்: "38-னு போடுங்க, மெசேஜ்ல ஒரு பட்டன் வரும், தொட்டா சார்ட்." சொல்லாமல் வைக்கும் படிதான் ஏமாற்று மாதிரித் தெரியும். பட்டன் மேல் "ஆம்" என்று எழுதுவதைவிட "38 சார்ட் அனுப்புங்க" என்று எழுதினால், தொட்டால் என்ன வரும் என்பது தொடும் முன்பே தெரியும்.

கமெண்ட் எண்ணிக்கைக்காக மட்டும் இதைச் செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "பிடிச்சிருந்தா எஸ்னு போடுங்க" வகைப் பதிவுகளை, எதிர்வினையைத் தூண்டில் போட்டு இழுப்பவை என்று சொல்லி, பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. உண்மையில் ஒரு பொருளைத் தருவதற்காகக் கேட்கும் கமெண்ட் வேறு. அது வேறு என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்: எந்தச் சொல், பதிலுக்கு எந்தப் பொருள். "லிங்க்னு கமெண்ட் பண்ணுங்க, ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்பது தூண்டிலேதான், உள்ளே என்ன இருந்தாலும்.

கமெண்ட் வழியை எடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. கமெண்ட் என்பது ஊர் பார்க்க எழுதுவது. பிளவுஸ் சார்ட் கேட்பதில் யாருக்கும் கூச்சமில்லை. கடன் தீர்க்கும் ஆலோசனை, குழந்தைப்பேறு சிகிச்சை, மனச்சோர்வு, விவாகரத்துச் சட்டம் போன்றவற்றுக்கு "கமெண்ட்ல 'கடன்'னு போடுங்க" என்று கேட்பது, தேவைப்பட்டவரைத் தெருவில் நிற்க வைத்துப் பெயர் கேட்பதுதான். மாமியாரும் அலுவலக நண்பரும் அதே ரீலைப் பார்க்கலாம். அங்கே பயோ வழி நல்லது. இல்லையென்றால், "எனக்குத் தனி மெசேஜ்ல இந்தச் சொல்லை அனுப்புங்க, கமெண்ட்ல போட வேண்டாம்" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். மெசேஜில் வரும் சொல்லுக்கும் தானாகப் பதில் அனுப்ப அதே மென்பொருளால் முடியும்.

இன்னொரு ஆபத்து போலிக் கணக்குகள். நூறு பேர் வரிசையாக "லிங்க்" என்று எழுதி வைத்திருக்கும் இடம், ஏமாற்றுக்காரர்களுக்கு நல்ல மீன்பிடி குளம். அதே படத்தை வைத்து, பெயரில் ஒரு புள்ளியோ அடிக்கோடோ கூட்டி, "கூரியர் கட்டணம் மட்டும் அனுப்புங்க" என்று அவர்களுக்கு மெசேஜ் போடுவார்கள். அதனால் கமெண்ட் கேட்கும் ரீலின் கேப்ஷனில் ஒரு வரி அவசியம்: எந்தக் கணக்கிலிருந்து மெசேஜ் வரும், அதில் பணமோ ஓ.டி.பி.யோ கேட்கப்படாது.

லிங்க் மூலம் விற்பனையானால் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். 2021-ல் இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பும், 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பொருளோடு உள்ள பண உறவைப் பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்லச் சொல்கின்றன. தையல் மெஷினை நீங்கள் காட்டி, லிங்க் கொடுத்து, கமிஷனும் வாங்குவது அந்த வகையில் வரும்.

நம் வாக்கியம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பயோ வழிக்கு இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதியில் இரண்டு எண்கள் போதும்: எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் வெளி லிங்க்கைத் தொட்டார்கள். கற்பனையாக ஒரு கணக்கு: ரீல் ஓடிய இரண்டு நாளில் 300 பேர் பக்கத்துக்கு வந்து, 20 பேர் மட்டும் லிங்க்கைத் தொட்டார்கள் என்றால், வாய் வார்த்தை சரியாகவே வேலை செய்திருக்கிறது, கோளாறு பயோவில், அதாவது லிங்க்கின் பெயரிலோ வரிசையிலோ. பக்கத்துக்கே 15 பேர்தான் வந்தார்கள், கமெண்ட்டில் 60 பேர் லிங்க் கேட்டிருக்கிறார்கள் என்றால், கோளாறு ரீலில் சொன்ன விதத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். பயோ லிங்க் எல்லா ரீல்களுக்கும் பொது என்பதால், எந்த ரீல் ஆளை அனுப்பியது என்று அந்த எண்கள் தனியாகச் சொல்லாது. கமெண்ட் வழியில் ரீலுக்கு ஒரு சொல் வைத்தால் அதுவும் தெரிந்துவிடும்.

எண்கள் வருமுன் ஒரு சோதனை உண்டு. அதை உங்கள் கணக்கிலிருந்து செய்து பயனில்லை. உங்களைப் பின்தொடரும் நண்பரின் போனிலிருந்தும் பயனில்லை. உங்களைப் பின்தொடராத ஒருவரிடம், முடிந்தால் வீட்டில் இந்தச் செயலியை அதிகம் புழங்காதவரிடம், ரீலைக் கொடுத்துவிட்டு, "அவங்க சொன்னதை எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். Requests அறை, டிரைவின் பூட்டு எல்லாம் அந்த போனில்தான் வெளிப்படும். இன்னொன்றும் வெளிப்படலாம். லிங்க் இன்ஸ்டாகிராமின் உள்ளேயே இருக்கும் சின்ன பிரௌசரில் திறக்கும். அதற்குள் கூகுள் கணக்கில் நுழைய வேண்டிய படிவம் இருந்தால், பாதுகாப்புக் காரணத்துக்காகக் கூகுள் அங்கே நுழைய விடாமல் `disallowed_useragent` என்று பிழை காட்டும். மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு வெளி பிரௌசரில் திறக்கச் சொல்லி மெசேஜில் ஒரு வரி சேர்க்கலாம். அதைவிட நல்லது, உள்நுழைவே கேட்காத படிவமாக மாற்றிவிடுவது. கோப்பு ஏற்றச் சொல்லும் கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் படிவம் உள்நுழையச் சொல்லும். அளவு பிளவுஸின் போட்டோவைப் படிவத்தில் ஏற்றச் சொல்லியிருக்கும் தையல் வகுப்புக்காரர்கள், அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, போட்டோவை மெசேஜில் அனுப்பச் சொன்னால் போதும்.